ஒரு வரியில் முடிவதில்லை தணிக்கை அறிக்கை

பங்கு வைத்திருக்கும் நம்மவர்கள் தேக்காவில் சந்தித்துப் பேசும்போது, ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழும்: “ஆடிட்டர் ரிப்போர்ட் கிளீனா?” கிளீன் என்றால் வைத்திருக்கலாம், குவாலிஃபைட் என்றால் விற்றுவிட்டு ஓட வேண்டும். நிதி ஆலோசனை சொல்கிறவர்களில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். இருநூறு பக்க அறிக்கையில் ஒரு வரியை மட்டும் படித்தால் போதும் என்பது யாருக்கும் வசதியான யோசனை. ஆனால் அது தவறு என்கிறேன். கிளீன் ரிப்போர்ட்டை நம்பி ஏமாறவும் இந்த யோசனை வழிசெய்கிறது, குவாலிஃபைட் ரிப்போர்ட் தரும் துல்லியமான எச்சரிக்கையைக் காதில் வாங்காமல் போகவும் வழிசெய்கிறது.

முதலில் கிளீன் ரிப்போர்ட். 1993-இல் சிங்டெல் பங்குச்சந்தைக்கு வந்தபோது அரசாங்கம் குடிமக்களுக்குத் தள்ளுபடி விலையில் பங்கு கொடுத்தது. அப்போது வாங்கியதை இன்னும் விற்காமல் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அந்தச் சிங்டெல், 2019 நவம்பரில், பட்டியலிடப்பட்ட பிறகு முதன்முறையாக ஒரு காலாண்டு நட்டத்தை அறிவித்தது. செப்டம்பரில் முடிந்த அந்த மூன்று மாதங்களில் நட்டம் 668 மில்லியன் வெள்ளி. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் கிட்டத்தட்ட அதே அளவுக்கு லாபம் காட்டிய நிறுவனம் அது. சிங்கப்பூரில் அதன் வியாபாரம் படுத்துவிடவில்லை. அடி இந்தியாவிலிருந்து வந்தது. ஊருக்குப் பேச நாம் பணம் போட்டுவிடுகிற ஏர்டெலில் சிங்டெலுக்கு அப்போது ஏறத்தாழ 35 விழுக்காட்டுப் பங்கு இருந்தது.

ஏர்டெலுக்கு நேர்ந்தது என்ன? இந்தியாவின் 1999 தொலைத்தொடர்புக் கொள்கைப்படி, நிறுவனங்கள் உரிமக் கட்டணமாகத் தங்கள் வருவாயில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுக்க வேண்டும். எந்த வருவாய் என்பதில்தான் தகராறு. தொலைபேசிச் சேவையில் வரும் பணம் மட்டும்தான் என்றன நிறுவனங்கள். வாடகை, வட்டி, ஈவுத்தொகை எல்லாமே சேரும் என்றது அரசின் தொலைத்தொடர்புத் துறை. வழக்கு ஏறியும் இறங்கியும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2015-இல் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம் பெரும்பாலும் நிறுவனங்களுக்குச் சாதகமாகச் சொன்னது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டி, அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் காலாண்டுக் கணக்கில் ஏர்டெல் இதற்காக ஒதுக்கிய தொகை 28,450 கோடி ரூபாய். நட்டம் 23,045 கோடி. அதில் சிங்டெலுக்கு உரிய பங்கு சிங்டெலின் கணக்கில் வந்து விழுந்தது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 2019 மார்ச் 31 அன்று முடிந்த ஆண்டுக்கு சிங்டெலின் தணிக்கையாளர் தந்தது கிளீன் ரிப்போர்ட்தான். அவர் தவறு செய்துவிட்டாரா? இல்லை. கணக்கியல் விதி அப்படித்தான் செய்யச் சொல்கிறது. அந்த விதியை அறியாதவருக்கு மட்டுமே 668 மில்லியன் வெள்ளி திடீர் இடியாகத் தெரியும்.

சிங்கப்பூரின் நிதி அறிக்கைத் தரத்தில் 1-37 என்ற எண்ணுள்ள பகுதி, முடிவு தெரியாத கடப்பாடுகளை மூன்றாகப் பிரிக்கிறது. பணம் கொடுக்க வேண்டி வருவதற்கே அதிக வாய்ப்பு இருந்து, தொகையையும் நம்பத்தக்க விதத்தில் மதிப்பிட முடிந்தால், அதை இப்போதே செலவாகக் கழித்துக் கணக்கில் ஏற்ற வேண்டும். இது ஒதுக்கீடு. கொடுக்க வேண்டி வரலாம், ஆனால் வாய்ப்பு பாதிக்கு மேல் இல்லை என்றால், கணக்கில் ஏற்றக் கூடாது, பின்னிணைப்புக் குறிப்பில் எழுதினால் போதும். இதைத்தான் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி, நிகழக்கூடிய பொறுப்பு என்கிறோம். வாய்ப்பே மிகமிகக் குறைவு என்றால் எதுவும் எழுத வேண்டியதில்லை. வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் தீர்மானிப்பது நிர்வாகம். தணிக்கையாளர் வழக்குரைஞர்களின் கடிதத்தைக் கேட்டுப் பெறுவார், தீர்ப்புகளைப் பார்ப்பார், நிர்வாகத்தின் முடிவு நியாயமானதுதானா என்று சோதிப்பார். வழக்கில் யார் வெல்வார் என்று ஆரூடம் சொல்வது அவர் வேலையன்று.

ஆகவே மாபெரும் வழக்கு ஒன்றைச் சுமக்கும் நிறுவனம், அதைக் குறிப்பில் ஒழுங்காக எழுதிவிட்டால், கிளீன் ரிப்போர்ட் பெறும். பெற வேண்டியதும்தான். சிங்டெலின் ஆண்டறிக்கையில் கூட்டு நிறுவனங்களின் நிகழக்கூடிய பொறுப்புகள் என்ற குறிப்பு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. ஏர்டெலுக்கும் இந்திய அரசுத் துறைகளுக்கும் இடையிலான தகராறுகள் அங்கே பேசப்பட்டன. அலைக்கற்றைக்கு ஒருமுறைக் கட்டணம் என்று 2013 ஜனவரி 8 அன்று ஏர்டெலிடம் கேட்கப்பட்ட 5,201 கோடி ரூபாய் அங்கே எழுதப்பட்டிருந்தது. உரிமக் கட்டண வழக்கோ இந்திய நாளிதழ்கள் எல்லாம் எழுதிய, ஊரறிந்த வழக்கு. எச்சரிக்கை இருந்தது. கருத்து வரியில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் குறிப்புகளைப் படிப்பவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றையும் அந்த வழக்கு காட்டுகிறது. எல்லா நிறுவனங்களிடமும் சேர்த்து அரசு கேட்ட உரிமக் கட்டண பாக்கி ஏறத்தாழ 92,600 கோடி ரூபாய். அதில் அசல் ஏறத்தாழ 23,000 கோடி மட்டும். மீதி முழுவதும் வட்டி, அபராதம், அபராதத்தின் மேல் வட்டி. குறிப்பில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால், அது அசல் மட்டுமா, வட்டியும் சேர்ந்ததா, எந்தத் தேதி வரை என்று கேட்க வேண்டும். பத்தாண்டு இழுக்கும் வழக்கில் அசலைவிட மற்றவை பெரியவை ஆகிவிடும். தொகையே எழுதாத குறிப்புகளும் உண்டு. எழுதினால் வழக்கில் தன் நிலை கடுமையாகப் பாதிக்கப்படும் என்று காட்ட முடிந்தால், மிக அரிதான சூழலில் அந்த விவரத்தை விட்டுவிட விதி அனுமதிக்கிறது. தொகை இல்லாத குறிப்பைச் சிறிய பொறுப்பு என்று எண்ணிக் கடந்துவிடக் கூடாது.

சரி, குவாலிஃபைட் ஒப்பினியன் எப்போது வருகிறது? தணிக்கையாளர் தம் கருத்தைத் திருத்திச் சொல்ல இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, கணக்கில் பொருட்படுத்தத்தக்க தவறு இருக்கிறது, நிர்வாகம் திருத்த மறுக்கிறது. மற்றது, ஒரு தொகை சரியா தவறா என்று சொல்லப் போதிய ஆதாரம் அவருக்குக் கிடைக்கவில்லை. பாதிப்பு எவ்வளவு பரவியது என்பது அடுத்த கேள்வி. ஓரிடத்தில் அடங்கிய பாதிப்பு என்றால் குவாலிஃபைட்: ‘இந்த ஒன்றைத் தவிர’ மற்றவை சரி என்பார். தவறு கணக்கு முழுவதையும் கெடுத்துவிட்டால் எதிர்மறைக் கருத்து: இந்தக் கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்பார். ஆதாரமின்மை கணக்கு முழுவதையும் பாதித்தால் கருத்துக்கூற மறுப்பு: என்னால் எதுவும் சொல்ல இயலாது என்பார். இவற்றோடு, கருத்தை மாற்றாமல் ஒரு குறிப்பின் பக்கம் வாசகரின் கண்ணைத் திருப்பும் வலியுறுத்தல் பத்தியும் உண்டு. முடிவு தெரியாத பெரிய வழக்கு பெரும்பாலும் அங்கேதான் வரும். நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதிலேயே ஐயம் இருந்தால் அதற்கென்று தனிப் பகுதி உண்டு. அதுவும் குறிப்பில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் கருத்து கிளீனாகவே இருக்கும்.

நிகழக்கூடிய பொறுப்பை இதில் பொருத்திப் பாருங்கள். நூறு மில்லியன் வெள்ளி வழக்கை முழுமையாகக் குறிப்பில் சொன்ன நிறுவனத்துக்குக் கிளீன். ஐந்து மில்லியன் வெள்ளி வழக்கைச் சொல்லாமல் விட்ட சிறிய நிறுவனத்துக்கு, அது அதன் கணக்குக்குப் பொருட்படுத்தத்தக்க தொகையானால், குவாலிஃபைட். வழக்குரைஞர் பதில் எழுத மறுத்து, வேறு வழியிலும் ஆதாரம் கிடைக்காத நிறுவனத்துக்கும் குவாலிஃபைட், அல்லது மறுப்பு. தணிக்கையாளரின் கருத்து ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. கணக்கும் குறிப்பும் உள்ளதை உள்ளபடி சொல்கின்றனவா என்பதை மட்டுமே சொல்கிறது. கிளீன் என்றால் பத்திரம், குவாலிஃபைட் என்றால் மோசடி என்ற சமன்பாடு இங்கேயே உடைந்துபோகிறது.

குவாலிஃபைட் ஒப்பினியன் வாசகரிடம் எதைக் கேட்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். பொருள்களை மொத்தமாக இறக்குமதி செய்து விற்கும் நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பங்குதாரர் மூலதனமும் சேர்ந்த லாபமுமாக நிகர மதிப்பு 20 மில்லியன் வெள்ளி. இந்த ஆண்டு லாபம் 1.8 மில்லியன். அண்டை நாட்டில் இன்னொருவரோடு சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனம் 6 மில்லியன் வெள்ளி தர வேண்டும். அந்தப் பாக்கி வசூலாகுமா என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை, அதைத் தவிர கணக்கு சரி என்று தணிக்கையாளர் எழுதுகிறார். ‘ஓடு’ என்பவர் உடனே விற்கிறார். ‘ஒரே ஒரு ஐட்டம்தானே’ என்பவர் வைத்திருக்கிறார். இருவருமே பென்சிலை எடுக்கவில்லை.

எடுத்தால் முதலில் அந்த 6 மில்லியனைச் சுழியமாக்கிப் பார்க்க வேண்டும். நிகர மதிப்பு 14 மில்லியன் ஆகிறது. லாபம் 1.8 மில்லியன் என்பது 4.2 மில்லியன் நட்டமாக மாறுகிறது. அடுத்து, வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் நிகர மதிப்பு 15 மில்லியனுக்குக் கீழே போகக் கூடாது என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், வங்கி முழுக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை பெறலாம். பிறகு நிகழக்கூடிய பொறுப்புகள் குறிப்புக்குப் போக வேண்டும். அதே கூட்டு நிறுவனத்தின் 5 மில்லியன் வெள்ளி வங்கிக் கடனுக்கு நம் நிறுவனம் உத்தரவாதம் கொடுத்திருப்பதாக அங்கே ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 மில்லியன் எந்தக் கூட்டுத்தொகையிலும் இல்லை. ஆனால் நமக்குத் தர வேண்டிய 6 மில்லியனைத் தர முடியாத நிறுவனம், தன் வங்கிக்கு மட்டும் எங்கிருந்து கொடுக்கும்? பாக்கி வராமல் போகிற அதே நாளில் உத்தரவாதமும் நம் தலையில் விழும். இப்போது நிகர மதிப்பு 9 மில்லியன்.

தணிக்கையாளர் கைவைத்தது ஓரிடத்தில். அந்த இடத்திலிருந்து கணக்கின் வேறு எந்தெந்த மூலைக்குக் கோடு போகிறது என்று பார்ப்பது வாசகரின் வேலை. குவாலிஃபைட் ஒப்பினியன் தருகிற எச்சரிக்கை இதுதான்: இந்த எண்ணை நம்பி மேலே எதையும் கட்டாதே. விகிதமோ, ஈவுத்தொகைக் கணிப்போ, பங்கின் புத்தக மதிப்போ, எதில் இந்த எண் இருக்கிறதோ அதையெல்லாம் அது இல்லாமல் மறுபடி போட்டுப் பார். போட்ட பிறகும் நிறுவனம் நிற்கிறதென்றால் ஓட வேண்டிய அவசியமில்லை. சாய்கிறதென்றால் ‘ஒரே ஒரு ஐட்டம்தானே’ என்பது ஆறுதல் ஆகாது.

குவாலிஃபைட் என்றாலே பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று பேசுகிறவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. 2011 மே பொதுத்தேர்தலில் அல்ஜூனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி வென்றது. பின்னர் அல்ஜூனிட்-ஹவ்காங்-பொங்கோல் ஈஸ்ட் என்று விரிந்த அதன் நகர மன்றத்தின் 2012/13 கணக்குக்குத் தணிக்கையாளர் கருத்துக்கூற மறுத்தார். குவாலிஃபைடைவிட இது ஒருபடி கடுமையானது. ஒரு தரப்பு உடனே கையாடல் என்று முணுமுணுத்தது. மறுதரப்பு, வெறும் தாள் சம்பந்தப்பட்ட சிக்கல் என்று தள்ளியது. நிதியமைச்சரின் பணிப்பின்பேரில் தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் தோண்டிப் பார்த்து, 2015 பிப்ரவரி 9 அன்று அறிக்கை வெளியிட்டது. பெரிய பழுதுபார்ப்புகளுக்கான சேமநிதிக்குப் போக வேண்டிய பணம் விதிப்படி மாற்றப்படவில்லை. மன்றத்தின் அலுவலர்களே உரிமையாளர்களாக இருந்த நிர்வாக நிறுவனத்துடனான கொடுக்கல் வாங்கலைப் போதிய அளவு மேற்பார்வை செய்யவில்லை. பராமரிப்புக் கட்டண பாக்கியைக் கண்காணிக்க நம்பத்தக்க முறை இல்லை. உள்கட்டுப்பாடும் பதிவேடுகளும் பலவீனம். அந்த ஆண்டின் கணக்கு துல்லியமானது என்று உறுதி தர இயலாது என்றும் அந்த அலுவலகம் சொன்னது.

வழக்குகள் அதன் பிறகும் ஓடின. 2022 நவம்பர் 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம், நிர்வாக நிறுவனத்தை நியமித்ததில் நல்லெண்ணம் இருந்ததை ஏற்றது. பணம் கொடுக்கும் முறையில் இருந்த கட்டுப்பாட்டுக் குறைகளில் கவனக்குறைவு இருந்ததையும் சொன்னது. முணுமுணுத்தவர்கள் சொன்னதும் நிலைக்கவில்லை, தள்ளியவர்கள் சொன்னதும் நிலைக்கவில்லை. தணிக்கையாளர் முதலில் எழுதியது மட்டும் நின்றது: பதிவேடுகள் நம்பத்தக்க ஆதாரம் தரவில்லை. அவர் அதற்குமேல் எதையும் சொல்லவில்லை. அதை அதற்குமேலாகவும் கீழாகவும் படித்தவர்கள் நாம்தான்.

என் கருத்தை மறுப்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையே திருத்தப்பட்ட கருத்தைச் சிவப்பு விளக்காகத்தானே நடத்துகிறது என்பார்கள். சந்தை மதிப்பு 75 மில்லியன் வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களுக்குக் கட்டாயமாக இருந்த காலாண்டு அறிக்கையை 2020 பிப்ரவரி 7 முதல் சந்தை நீக்கியது. ஆனால் குவாலிஃபைட், எதிர்மறை, மறுப்பு ஆகிய கருத்துகளைப் பெற்றவர்களும், தொடர்ந்து நடக்குமா என்ற ஐயம் எழுப்பப்பட்டவர்களும் காலாண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. அப்படியானால் விலகி நிற்பதுதானே புத்தி? இல்லை. அந்த விதி நிறுவனத்தை வெளியே துரத்தவில்லை, அதிகத் தகவலைக் கேட்டது. அந்தத் தகவல் வாசகர் படிப்பதற்காகத்தான். மேலும், கருத்து கிளீனாக இருந்தும் தொடர்ந்து நடக்குமா என்ற ஐயம் எழுப்பப்பட்ட நிறுவனத்தையும் விதி அதே வரிசையில் வைத்தது. கருத்து வரியை மட்டும் பார்த்தால் போதாது என்பதைச் சந்தையே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண மனிதருக்கு இவ்வளவையும் படிக்க நேரமில்லை என்ற வாதமும் உண்டு. படிக்க வேண்டியது இருநூறு பக்கமும் இல்லை. கருத்துக்குக் கீழே ‘கருத்துக்கான அடிப்படை’ என்ற பகுதி பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தாண்டாது. காரணம் தவறா, ஆதாரமின்மையா என்பதும், எந்தத் தொகை என்பதும் அதில் இருக்கும். தவறு என்றால் அதன் அளவைச் சொல்ல வேண்டியது தணிக்கையாளரின் கடமை, இயலாதபோது இயலவில்லை என்று எழுத வேண்டும். பிறகு நிகழக்கூடிய பொறுப்புகள் குறிப்பு, சென்ற ஆண்டின் அதே இரண்டு பகுதிகள். இவற்றை ஒப்பிட்டால் பல விஷயம் தெரிந்துவிடும். ஆண்டுத் தொடக்க இருப்பை முதல்முறை தணிக்கை செய்பவரால் சரிபார்க்க முடியாமல் வந்த குவாலிஃபைட், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்துவிடும். ஒரே பாக்கிக்காக மூன்றாம் ஆண்டும் அதே பத்தி வந்தால், ஆதாரம் கிடைக்கவில்லை என்பதல்ல, ஆதாரமே இல்லை என்று ஐயப்பட இடமுண்டு. குவாலிஃபைட் தந்த தணிக்கையாளர் மறு ஆண்டு மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டும். குறிப்பில் சென்ற ஆண்டு இருந்த வழக்கு இந்த ஆண்டு காணாமல் போனால், வென்றதாலா, தோற்றுப் பணம் கட்டியதாலா, அல்லது வாய்ப்பு மிகக் குறைவு என்று நிர்வாகம் மனம் மாற்றியதாலா என்றும் கேட்க வேண்டும். பங்குதாரருக்கு அதற்கு உரிமை உண்டு.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. வருவாய் 10 மில்லியன் வெள்ளி, சொத்து 10 மில்லியன் வெள்ளி, ஊழியர் ஐம்பது பேர் என்ற மூன்று வரம்புகளில் இரண்டைத் தாண்டாத தனியார் நிறுவனத்துக்கு சிங்கப்பூரில் 2015 ஜூலை முதல் தணிக்கைக் கட்டாயம் இல்லை. சிராங்கூன் ரோட்டில் பல கடைகள் அந்த வரம்புக்குள் அடங்கும். அங்கே நண்பரின் கடையில் பங்கு சேர்கிறவருக்குக் கிளீனும் இல்லை, குவாலிஃபைடும் இல்லை. உத்தரவாதக் கையெழுத்து எங்கெங்கே போட்டிருக்கிறார், எந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது, யார் யார் பாக்கி என்று அவரே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

தணிக்கையாளர் ஒரு நிறுவனத்தை வாங்கச் சொல்வதும் இல்லை, விற்கச் சொல்வதும் இல்லை. எந்த எண்ணுக்குத் தாம் பொறுப்பேற்க முடியும், எதற்கு முடியாது என்று கோடு போட்டுத் தருகிறார். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள குறிப்பில் 28,450 கோடியாக வளரக்கூடிய வழக்கு இருக்கலாம். அந்தப் பக்கம் உள்ள தொகையைக் கழித்த பிறகும் நிறுவனம் திடமாக நிற்கலாம். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒற்றைச் சொல்லைக் கேட்டு முடிவெடுக்கிறவர், தணிக்கையாளரை நம்பி முடிவெடுக்கவில்லை. அவர் எழுதியதைப் படிக்காமலேயே முடிவெடுக்கிறார்.